பதவுரை வேறு, பொழிப்புரை வேறு: மூலப் பத்தியை நம் நடையில் எழுதுவது

கேள்வி: வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதுகிறேன். ஒரு நூலிலிருந்து எடுத்த பத்தியில் ஏறக்குறைய எல்லாச் சொற்களையும் மாற்றி எழுதி, அடிக்குறிப்பும் போட்டேன். வழிகாட்டி "இது சொல் மாற்றம்தான், நீங்கள் எழுதியது இல்லை" என்று திருப்பித் தந்துவிட்டார். மென்பொருள் சோதனையில்கூட அது சிக்கவில்லை. வேறு எப்படித்தான் எழுதுவது?

பத்தியைப் பார்க்காமலே சொல்கிறேன், உங்கள் வழிகாட்டி சொன்னது அநேகமாகச் சரியாக இருக்கும். "எல்லாச் சொற்களையும் மாற்றினேன்" என்கிறீர்கள் அல்லவா, அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு சொல்லாக மாற்ற வேண்டுமானால் மூல நூல் மேசையில் திறந்து கிடக்க வேண்டும், ஒரு கண் அதன் மேலேயே இருக்க வேண்டும். அப்படி எழுதினால் எங்கே தொடங்குவது, எதற்குப் பின் எதைச் சொல்வது, வாக்கியத்தை எங்கே முடிப்பது எல்லாவற்றையும் அந்த நூலாசிரியரே முடிவு செய்துவிடுகிறார். உங்களுக்கு மிஞ்சுவது அகராதி வேலை மட்டும்.

பள்ளியில் செய்யுளுக்குப் பதவுரையும் பொழிப்புரையும் எழுதியிருப்போம். பதவுரையில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்துக்கொண்டே போவோம். பொழிப்புரையில் பாட்டை முழுக்கப் படித்துவிட்டு அது சொல்வதை நம் வாக்கியத்தில் சொல்ல வேண்டும். (பொழிப்புரை என்ற பெயரில் பதவுரையையே ஒட்டி எழுதி மதிப்பெண் வாங்கியவர்களில் நானும் ஒருவன். அந்தப் பழக்கம்தான் ஆய்வேடு வரை வருகிறதோ என்னவோ.) நீங்கள் எழுதியது உரைநடைக்குப் பதவுரை. வழிகாட்டி கேட்பது பொழிப்புரை.

ஆங்கிலத்தில் இதற்குப் 'பேட்ச்ரைட்டிங்' என்று ஒரு பெயரே உண்டு. ரெபெக்கா மூர் ஹோவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990களின் தொடக்கத்தில் வைத்த பெயர். மூலத்தில் சில சொற்களை நீக்கி, இலக்கணத்தைக் கொஞ்சம் திருப்பி, ஒன்றுக்கு ஒன்று மாற்றுச் சொல் வைப்பது என்று அதை விளக்கினார். இப்படி எழுதுபவர்கள் எல்லாரும் திருடர்கள் இல்லை, பெரும்பாலும் தங்களுக்கு இன்னும் பிடிபடாத ஒரு துறையின் மொழியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு எழுதுபவர்கள் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரி என்றே படுகிறது. ஆனால் ஆய்வேட்டைப் படிப்பவருக்கு உங்கள் மனசு தெரியாது, எழுத்துதான் தெரியும்.

சரி, ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம். கீழே உள்ளதை எந்த நூலிலிருந்தும் எடுக்கவில்லை. 1876–78 சென்னை மாகாணப் பஞ்சத்தைப் பற்றி ஆய்வு நூல்களின் நடையில் நானே எழுதினேன். தகவல்கள் மட்டும் வரலாற்றில் உள்ளவை. இதை மூலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

> 1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்ததைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்தும் நோக்கில் இந்திய அரசு 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிளை மாகாணத்திற்கு அனுப்பியது. நிவாரணப் பணிகளில் ஈடுபட்ட ஆண் தொழிலாளியின் நாட்கூலியை அவர் ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், கடும் உழைப்பில் ஈடுபடுவோருக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமும் அதனுடன் காய்கறியும் புரத உணவும் தேவை என்று வாதிட்டார். டெம்பிள், 1873–74 பீகார் பஞ்சத்தின்போது மிகையாகச் செலவிட்டதற்காகக் கண்டனத்துக்கு உள்ளானவர் என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. 1877 மார்ச்சில் சென்னை அரசு உணவளவை ஒன்றேகால் பவுண்டு தானியமும் சிறிது பருப்புமாக உயர்த்தியது.

இதைச் சொல் மாற்றி எழுதினால் எப்படி வரும்? நான் திருத்தக் கையில் எடுக்கும் ஆய்வேடுகளில் வாரம் ஒருமுறையாவது இப்படி ஒன்றைப் பார்க்கிறேன்:

> 1876ஆம் வருடத்தில் பருவமழை ஏமாற்றியதை அடுத்து சென்னை ராஜதானியில் கொடிய வறட்சி உண்டானது. உதவிச் செலவினத்தை மட்டுப்படுத்தும் எண்ணத்துடன் இந்திய அரசாங்கம் 1877ஆம் வருடத்தின் ஆரம்பத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிளை ராஜதானிக்கு அனுப்பிவைத்தது. உதவி வேலைகளில் பங்கெடுத்த ஆண் பணியாளரின் தினச் சம்பளத்தை அவர் ஒரு ராத்தல் அரிசியும் ஓரணாவுமாகச் சுருக்கினார். ராஜதானியின் நல்வாழ்வு அதிகாரி டபிள்யூ. ஆர். கார்னிஷ், கடின வேலையில் பங்கெடுப்போருக்கு ஒன்றரை ராத்தல் அரிசியும் கூடவே காய்கறியும் சத்துணவும் அவசியம் என்று தர்க்கம் செய்தார். டெம்பிள், 1873–74 பீகார் வறட்சியின்போது அளவு மீறிச் செலவழித்ததற்காக ஏச்சுக்கு ஆளானவர் என்பதே இதற்குக் காரணம். 1877 மார்ச்சில் சென்னை அரசாங்கம் உணவின் அளவை ஒன்றேகால் ராத்தல் அரிசியும் கொஞ்சம் பருப்புமாக அதிகரித்தது.

தமிழில் இந்த வேலை ஆபத்தான அளவுக்குச் சுலபம். ஒவ்வொரு பொருளுக்கும் வடசொல் ஒன்று, தமிழ்ச்சொல் ஒன்று, பழைய அரசாங்கச் சொல் ஒன்று என்று மூன்று நான்கு சொற்கள் கைவசம் இருக்கின்றன. ஆண்டு வருடமாகும், தொடக்கம் ஆரம்பமாகும், மாகாணம் ராஜதானியாகும், பவுண்டு ராத்தலாகும். எல்லாம் சரியான சொற்கள்தான். பக்கம் பார்க்க வேறு மாதிரி ஆகிவிடுவதால் எழுதியவருக்கும் வேலை செய்த திருப்தி கிடைத்துவிடுகிறது.

கூடவே இரண்டு விஷயங்கள் நடந்திருக்கின்றன. முதலாவது, பொருள் கெட்டுப்போய்விட்டது. 'பஞ்சம்' என்ற சொல் 'வறட்சி' ஆகியிருக்கிறது. மழை பெய்யாதது வறட்சி. தின்ன இல்லாமல், வாங்க வழி இல்லாமல் மனிதர்கள் சாவது பஞ்சம். முன்னது எப்படிப் பின்னதாக மாறியது என்பதுதான் பஞ்ச வரலாறு எழுதுகிறவர்கள் சண்டை போடும் இடமே. அந்த இடத்தை ஒரு சொல்லால் அழித்தாயிற்று. 'தானியம்' அரிசியாகிவிட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களில் ஏழைகள் அதிகம் சாப்பிட்டது சோளமும் கேழ்வரகும் கம்பும். அங்கே அரிசி என்று எழுதினால் அது புதிய தகவல், அதுவும் தவறான தகவல். 'புரத உணவு' என்பது சத்துணவாகிவிட்டது. தமிழ்நாட்டில் அந்தச் சொல்லைப் படித்ததும் பள்ளிக்கூடத்து முட்டைதான் நினைவுக்கு வரும். 'சுகாதார ஆணையர்' ஒரு பதவியின் பெயர், அதை நல்வாழ்வு அதிகாரி என்று மாற்ற நமக்கு உரிமை இல்லை.

எல்லாவற்றிலும் மோசமானது ஐந்தாம் வாக்கியம். மூலம் "குறிப்பிடத்தக்கது" என்று சொல்லி விலகிக்கொண்டது. மாற்றியவர் அதற்கு வேறு சொல் தேடி, "இதற்குக் காரணம்" என்று எழுதிவிட்டார். நூலாசிரியர் சுட்டிக் காட்டியதோடு நிறுத்திய ஒன்றை இவர் தீர்ப்பாகவே எழுதி, அடிக்குறிப்பில் அவர் பெயரையும் போட்டிருக்கிறார். அதிலும் 'இது' என்பது எது? முந்தைய வாக்கியம் கார்னிஷின் வாதம். அப்படியானால் டெம்பிள் திட்டு வாங்கியதால் கார்னிஷ் வாதிட்டாரா? எழுதியவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. சொல்லை மட்டும் பார்த்து எழுதும்போது வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் உறவு கண்ணில் படுவதே இல்லை.

இரண்டாவது, எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். தமிழ் வாக்கியம் பெரும்பாலும் பயனிலையில் முடியும் என்பதால் நமக்கு இது வசதி. மூலத்தில் உள்ள வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள்: ஏற்பட்டது, அனுப்பியது, குறைத்தார், வாதிட்டார், குறிப்பிடத்தக்கது, உயர்த்தியது. பிறகு மாற்றி எழுதியதன் கடைசிச் சொற்கள்: உண்டானது, அனுப்பிவைத்தது, சுருக்கினார், தர்க்கம் செய்தார், காரணம், அதிகரித்தது. ஆறுக்கு ஆறு, அதே வரிசை. பொருள் தடுமாறிய அந்த ஐந்தாவதைத் தவிர மற்ற ஐந்தும் ஒன்றுக்கு ஒன்று நேர். எழுவாய்களையும் இப்படி எழுதிப் பாருங்கள்: பஞ்சம், அரசு, டெம்பிள், கார்னிஷ், டெம்பிள், அரசு. அங்கேயும் அதே ஊர்வலம். உங்கள் வழிகாட்டி இப்படிப் பட்டியல் போட்டிருக்க மாட்டார். ஆனால் மூல நூலைப் படித்த ஒருவருக்கு இந்த ஊர்வலம் காதில் விழுந்துவிடும்.

இங்கே சிலர் வாக்கியத்துக்குள் துண்டுகளை இடம் மாற்றிப் பார்ப்பார்கள். "1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்துவதற்காக இந்திய அரசால் மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார்" என்று எழுதிவிட்டு, செய்வினையைச் செயப்பாட்டுவினை ஆக்கிவிட்டேன் என்பார்கள். நம் மொழியில் வேற்றுமை உருபுகள் இருப்பதால் சொற்களை எங்கே நகர்த்தினாலும் பொருள் பெரிதாக மாறாது. அதனாலேயே நகர்த்துவது மாற்றி எழுதுவது ஆகாது. சீட்டைக் கலைத்தாலும் கட்டில் இருப்பது அதே 52 சீட்டுதான்.

சரி, எப்படி எழுதுவது? முதல் வேலை எழுதுவதே இல்லை, கேட்பது. இந்தப் பத்தி என் ஆய்வேட்டில் எந்த வாதத்துக்காக வருகிறது? பலர் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பத்தி நன்றாக இருந்தது, தகவல் நிறைய இருந்தது, எடுத்துக்கொண்டேன் என்பார்கள். பயன் தெரியாமல் எடுத்த பத்தியை மூலத்தின் வரிசையில் எழுதுவதைத் தவிர வேறு வழியே இருக்காது, ஏனென்றால் உங்களிடம் வேறு வரிசை இல்லை. நம் உதாரணத்துக்கு, நிவாரண முகாம்களில் உணவின் அளவை யார் எப்படி முடிவு செய்தார்கள் என்பது உங்கள் இயலின் கேள்வி என்று வைத்துக்கொள்வோம்.

அந்தக் கேள்வியோடு பத்தியை இரண்டு மூன்று முறை படியுங்கள். பிறகு நூலை மூடுங்கள். உண்மையிலேயே மூட வேண்டும், திரையைச் சின்னதாக்கி ஓரத்தில் வைப்பது மூடியதாகாது. மூடிவிட்டு ஒரு சின்னத் தாளில் குறிப்பு எழுதுங்கள். ஒரு விதி உண்டு: வினைமுற்று வரக்கூடாது. பெயர், எண், அம்புக்குறி, கேள்விக்குறி மட்டும். என் தாளில் இப்படி வந்தது:

> டெம்பிள் – 1877 தொடக்கம் – செலவு ↓
> ஆண் ஆள், ஒரு நாள்: 1 பவுண்டு + 1 அணா
> கார்னிஷ் (சுகாதார ஆணையர்): 1½ + காய்கறி + புரதம்
> மார்ச், சென்னை அரசு: 1¼ + கொஞ்சம் பருப்பு
> பீகார் 73–74: அதிகச் செலவு, கண்டனம் → இதனாலா? நூலில் சுட்டல் மட்டும்

வினைமுற்று இல்லாவிட்டால் வாக்கியம் இல்லை, வாக்கியம் இல்லாவிட்டால் நூலாசிரியரின் நடை உங்கள் தாளுக்கு வர வழியில்லை. கடைசி வரியில் இருக்கும் கேள்விக்குறியையும் கவனியுங்கள். நூல் எதை உறுதியாகச் சொன்னது, எதைக் கோடி மட்டும் காட்டியது என்பதைக் குறிப்பு எடுக்கும்போதே பதிந்துவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தாளைப் பார்த்தால் அது நினைவில் இருக்காது.

எண்களையும் பெயர்களையும் எழுதியதும் ஒரு முறை நூலைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளலாம், அதில் தவறில்லை. நினைவாற்றல் போட்டி இல்லை இது. பிறகு மறுபடி மூடிவிட வேண்டும்.

அடுத்த படியைப் பலர் சிரித்துக்கொண்டு தள்ளிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் மிகவும் உதவியது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் யாரிடமாவது வாயால் சொல்லுங்கள். நான் என் மனைவியிடம் சொன்னேன். "பஞ்சத்துல வேலை செய்யறவனுக்கு ஒருத்தர் ஒரு பவுண்டுன்னு வச்சார், டாக்டர் பக்கத்து ஆள் ஒன்றரை வேணும்னார், கடைசில ஒன்றேகால்ல வந்து நின்னுது" என்றேன். அவள் உடனே, "என்ன, கத்திரிக்காய் பேரம் மாதிரி இருக்கு?" என்றாள். மூலத்தைப் பத்து முறை படித்தும் எனக்குத் தெரியாத ஒன்று அப்போது தெரிந்தது. ஒன்று, ஒன்றரை, ஒன்றேகால்: முடிவான அளவு இரண்டுக்கும் சரியாக நடுவில் நிற்கிறது. மூலத்தில் மூன்று எண்களும் இருந்தன, ஆனால் மூன்றாவது எண் பீகாருக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்திருந்ததால் பேரம் கண்ணில் படவில்லை. பேசும்போது எழுத்து நடை கை கொடுக்காது. "என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது" என்று மனைவியிடம் யாரும் பேச முடியாது. அதனால் விஷயத்தை எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதை நாமே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

இனி தாளை மட்டும் பார்த்து, சொன்னதை எழுத்துத் தமிழில் எழுதுங்கள். என் முதல் வரைவு இது:

> 1877இன் முதல் சில மாதங்களில் சென்னை மாகாண நிவாரணப் பணிகளில் நடந்த உணவுச் சர்ச்சையைக் கால் பவுண்டுக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். செலவைக் குறைக்க வந்த டெம்பிள், வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்றார். உழைக்கிற உடம்புக்கு அது காணாது, தானியம் மட்டுமே ஒன்றரைப் பவுண்டு வேண்டும், காய்கறியும் புரதமும் தனி என்பது மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷின் நிலை. மார்ச்சில் சென்னை அரசு கொடுக்க முன்வந்த ஒன்றேகால் பவுண்டு, இந்த இரண்டு எண்களுக்கும் சரியாக நடுவில் இருக்கிறது. காய்கறிக்குப் பதில் சொல்லப்படவில்லை, புரதத்துக்குப் பதிலாகச் சிறிது பருப்பு வந்தது.

இப்போது நூலைத் திறந்து பக்கத்தில் வைக்கலாம். ஒப்பிடும்போது நான் முதலில் பார்ப்பது ஒற்றுமையை இல்லை, பொருள் பிசகை. இரண்டு இடம் மாட்டியது. "போதும் என்றார்" என்று எழுதியிருக்கிறேன். மூலம் அவர் கூலியைக் குறைத்தார் என்றுதான் சொல்கிறது, போதும் என்று சொன்னாரா என்பது அதில் இல்லை. அவர் வாயில் நான் வார்த்தையை வைத்துவிட்டேன். "நாட்கூலியை ஒரு பவுண்டு தானியம், ஓரணா என்ற அளவுக்கு இறக்கினார்" என்று திருத்தினேன். அடுத்தது "காய்கறிக்குப் பதில் சொல்லப்படவில்லை." மார்ச் உயர்வில் காய்கறியைப் பற்றி மூலம் பேசவே இல்லை. மூலம் பேசாததற்கும் அரசு பதில் சொல்லாததற்கும் வித்தியாசம் உண்டு. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, "தானியத்தோடு சிறிது பருப்பும் சேர்ந்தது" என்று மட்டும் வைத்தேன். பேச்சிலிருந்து எழுதும்போது வரும் பிசகுகள் இப்படித்தான் இருக்கும், வேகத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவோம். அதனால்தான் ஒப்பிடும் படியை விடவே கூடாது.

பிறகு பயனிலைச் சோதனை. திருத்திய பத்தியின் முடிவுகள்: சொல்லிவிடலாம், இறக்கினார், நிலை, இருக்கிறது, சேர்ந்தது. மூலத்தோடு நேராகப் பொருந்துவது 'இறக்கினார்' ஒன்றுதான், கூலியைக் குறைத்ததை எப்படியும் சொல்லியாக வேண்டும். மழையும் பீகாரும் வரவே இல்லை, ஏனென்றால் என் கேள்விக்கு அவை வேண்டாம். ஒரு பத்தியில் இருப்பது எல்லாவற்றையும் கொண்டுவர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

நிவாரணப் பணி, சுகாதார ஆணையர், பவுண்டு, தானியம், ஓரணா எல்லாம் மூலத்தில் இருந்தபடியே என் பத்தியிலும் இருக்கின்றன. அவற்றை நான் தொடவில்லை. பெயர், எண், அளவு, பதவி, துறையின் கலைச்சொல் ஆகியவை யாருடைய சொத்தும் இல்லை. சொல்மாற்றுக்காரர் செய்வது இதற்கு நேர் எதிர். தொடக்கூடாத இந்தச் சொற்களை மாற்றுவார், மாற்ற வேண்டிய அமைப்பைத் தொடமாட்டார்.

அதே தாளிலிருந்து வேறு இயலுக்கு வேறு பத்தி எழுத முடிகிறதா என்றும் பார்க்கலாம். முடிந்தால் விஷயம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அதிகாரிகளின் முன் அனுபவம் கொள்கையை எப்படிப் பாதித்தது என்று எழுதும் இயலாக இருந்தால் நான் இப்படித் தொடங்குவேன்:

> பீகார் பஞ்சத்தில் அதிகமாகச் செலவழித்துவிட்டார் என்று பேச்சு வாங்கிய டெம்பிளைத்தான், சில ஆண்டுகளிலேயே சென்னையில் செலவைக் குறைக்க அனுப்பினார்கள். நிவாரணப் பணியாளர்களின் கூலியை அவர் இறக்கியதில் அந்தப் பழைய கண்டனத்துக்குப் பங்கு இருந்ததா என்பதை நூலாசிரியர் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இரண்டையும் அருகருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

மூலத்தில் ஐந்தாவதாக, ஓரமாகக் கிடந்த வாக்கியம் இங்கே முதலில் வந்துவிட்டது. மூலம் எவ்வளவு உறுதியோடு சொன்னது என்பதையும் சேர்த்தே சொல்லியாயிற்று.

அடிக்குறிப்பு போட்டேன் என்கிறீர்கள். நல்லது, ஆனால் அது போதாது. பத்தியின் முடிவில் ஒரு எண்ணைப் போட்டால் கடன் எங்கே முடிகிறது என்று தெரியும், எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நூலாசிரியரின் பெயரைப் பத்தியின் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, கடன் முடியும் இடத்தில் எண்ணைப் போடுங்கள். என் முதல் பத்தியில் 'சரியாக நடுவில்' என்பது மூலத்தில் இல்லாத, நான் போட்ட கணக்கு. அது எண்ணுக்கு வெளியே வர வேண்டும், இல்லாவிட்டால் என் கணக்கு அவர் தலையில் விழும். தவறாக இருந்தால் அவருக்குக் கெட்ட பெயர், சரியாக இருந்தால் எனக்கு நஷ்டம். மாறாக, எல்லாவற்றையும் அழகாக உங்கள் நடையில் எழுதிவிட்டதால் அடிக்குறிப்பே வேண்டாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். வாக்கியம் உங்களுடையது, தகவலைத் தேடி எடுத்த உழைப்பு அவருடையது.

மென்பொருளில் சிக்கவில்லை என்று சொன்னீர்கள். அது ஒன்றையும் நிரூபிக்காது. இந்த வகை மென்பொருள் முக்கியமாகப் பார்ப்பது சொற்கோவைகள் பொருந்துகின்றனவா என்பதைத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை என்று இருப்பதால், எல்லாரும் அந்த எண்ணைக் குறிவைத்தே எழுதுகிறார்கள். நான்கு சொல்லுக்கு ஒரு சொல்லை மாற்றினால் எண் இறங்கிவிடும். ராஜதானியும் ராத்தலும் போட்ட மேலே உள்ள பத்தி அநேகமாகத் தேறிவிடும். அதேபோல நேர்மையாக எழுதிய பத்தியில் சட்டத்தின் பெயரோ நீண்ட பதவிப் பெயரோ வந்தால் மென்பொருள் அதைச் சிவப்பாகக் காட்டக்கூடும். அதைப் பார்த்துப் பயந்து பதவிப் பெயரை மாற்றாதீர்கள்.

உங்கள் மூலம் ஆங்கிலத்தில் இருந்தால் இன்னொரு குழி உண்டு. மொழி மாறியதுமே மாற்றி எழுதியாயிற்று என்று தோன்றிவிடும். வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் எழுதினால் அது மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பு என்று சொல்லாமல் போட்டால் அதுவும் இரவல் நடைதான். எழுவாய்களின் ஊர்வலம் மொழி தாண்டியும் அப்படியே வரும். இதற்கும் அந்தத் தாள்தான் மருந்து, ஆனால் குறிப்பை ஆங்கிலத்தில் எடுக்காமல் முதலிலேயே தமிழில் எடுங்கள். ஆங்கிலக் குறிப்பு ஆங்கில வாக்கியத்தைத் திரும்பக் கூட்டி வந்துவிடும். "என்பது குறிப்பிடத்தக்கது", "நோக்கில்", "அடிப்படையில்" என்று வாக்கியங்கள் முடியவும் தொடங்கவும் ஆரம்பித்தால், தாளை விட்டுவிட்டு நூலைப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த முறை பயன்படாத இடமும் உண்டு. நூலாசிரியர் ஒன்றைச் சொன்ன விதமே உங்கள் வாதத்துக்கு முக்கியம் என்றால் மாற்றி எழுத வேண்டாம், மேற்கோள் குறிக்குள் அப்படியே போடுங்கள். கார்னிஷின் அறிக்கையில் அவர் பயன்படுத்திய சொல்தான் உங்கள் ஆய்வுப் பொருள் என்றால் அதை மாற்றி எழுதுவது சாட்சியைத் திருத்துவது மாதிரி. ஒரு தகவல் மட்டும் வேண்டும் என்றால் பத்தி எதற்கு, ஒரு வரியில் சொல்லி எண்ணைப் போட்டுவிட்டுப் போகலாம். மூடிய நூலுக்குப் பின் தாளில் ஒன்றுமே எழுத வரவில்லை என்றால் பத்தி இன்னும் புரியவில்லை என்று பொருள். அப்போது அகராதியை எடுக்காதீர்கள், அந்த இயலை முதலிலிருந்து படியுங்கள். என் எம்.ஃபில். ஆய்வேட்டில் நில வருவாய் பற்றிய இரண்டு பக்கங்கள் அப்படிப்பட்டவை. ரயத்துவாரி முறையில் தீர்வை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது, அதனால் சொல்லுக்குச் சொல் வைத்து ஒப்பேற்றினேன். வாய்மொழித் தேர்வில் வந்தவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி, "இதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். எழுதியதே என் வார்த்தைதானே என்று சொல்ல வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை.

உங்கள் பத்தியை இன்று ராத்திரி எடுத்து வையுங்கள். மூலத்தின் பயனிலைகள் ஒரு பக்கம், உங்களுடையவை ஒரு பக்கம். எத்தனை நேருக்கு நேர் நிற்கின்றன என்று எண்ணிவிட்டு, உங்கள் இயலின் கேள்வி என்ன என்பதையும் ஒரு வரியில் எழுதி வழிகாட்டியிடம் கொண்டுபோங்கள். திருத்திய பத்தியை அவரிடம் படித்துக் காட்டுவதற்கு முன்னால், தாளை மட்டும் பார்த்து அவரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். எங்கே திணறுகிறீர்களோ அந்த இடத்தில்தான் நீங்கள் மூலத்தைப் பார்த்து எழுதியிருப்பீர்கள்.